ஸ்மைல் கோணலான கதை: ஆப்ஷன் சந்தையும் ஹெஸ்டன் மாடலும்

1987 அக்டோபர் 19, திங்கட்கிழமை. அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு அந்த ஒரே நாளில் 508 புள்ளிகள், அதாவது 22.6 சதவீதம் சரிந்தது. அந்தச் சரிவில் பணம் இழந்தவர்களின் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். ஆனால் அன்று வளைந்துபோய், இன்றுவரை நிமிராத ஒரு கோட்டின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அந்தக் கோடு என்ன? 1973-ல் வெளியான பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தில் இருந்து தொடங்க வேண்டும். ஆப்ஷன் விலையைக் கணக்கிட அதற்குத் தேவையான எண்களில் ஒன்று மட்டும்தான் கண்ணுக்குத் தெரியாதது: வாலட்டிலிட்டி, அதாவது விலை எவ்வளவு ஆட்டம் போடும் என்பதன் அளவு. சந்தையில் விற்கும் ஆப்ஷன் விலையை எடுத்து, சூத்திரத்தைத் தலைகீழாக ஓட்டினால், "இந்த விலைக்கு வாலட்டிலிட்டி இவ்வளவு இருக்க வேண்டும்" என்று ஓர் எண் கிடைக்கும். இதுதான் இம்ப்ளைடு வாலட்டிலிட்டி. சூத்திரம் சரி என்றால், ஒரே குறியீட்டின் மேல் உள்ள எல்லா ஸ்டிரைக் விலைகளுக்கும் இந்த எண் ஒன்றாகவே வர வேண்டும். வரைந்து பார்த்தால் படுத்த கோடு.

1987-க்கு முன் எஸ் அண்ட் பி 500 ஆப்ஷன்களில் கோடு ஏறக்குறைய படுத்துத்தான் இருந்தது. சரிவுக்குப் பிறகு நிலைமை மாறியது. குறைந்த ஸ்டிரைக் உள்ள புட் ஆப்ஷன்களின் இம்ப்ளைடு வாலட்டிலிட்டி உயர்ந்து, இடப்பக்கம் தூக்கி வலப்பக்கம் தாழ்ந்த கோடாகிவிட்டது. மார்க் ரூபின்ஸ்டைன் 1994-ல் எழுதிய கட்டுரையில் இந்த மாற்றத்தைப் பதிவு செய்தார். இரண்டு ஓரமும் தூக்கினால் "ஸ்மைல்" என்பார்கள். குறியீட்டு ஆப்ஷன்களில் வந்ததோ ஒரு பக்கம் இழுத்த கோணல் சிரிப்பு!

வளைவு எங்கிருந்து வருகிறது?

வேடிக்கை என்னவென்றால், சிரிப்பை விளக்கக்கூடிய ஒரு மாடல் சரிவுக்கு நான்கு மாதம் முன்பே அச்சாகியிருந்தது. ஜான் ஹல், ஆலன் ஒயிட் இருவரும் 1987 ஜூனில் வெளியிட்ட கட்டுரையில், வாலட்டிலிட்டியே ஒரு நிலையான எண் இல்லை, அதுவும் தற்செயலாக ஏறி இறங்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். வாலட்டிலிட்டியின் ஆட்டத்துக்கும் விலையின் ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றால், ஆப்ஷன் விலை என்பது பல வாலட்டிலிட்டிகளில் போட்ட பிளாக்-ஷோல்ஸ் விலைகளின் சராசரிதான் என்று காட்டினார்கள்.

இந்தச் சராசரி ஏன் வளைவைத் தருகிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். குறியீடு 1000-ல் இருக்கிறது, ஆப்ஷனுக்கு ஒரு மாதம் ஆயுள், வட்டி இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். வாலட்டிலிட்டி 20 சதவீதம் என்று உறுதியாகத் தெரிந்தால், 1000 ஸ்டிரைக் கால் ஆப்ஷனின் விலை சுமார் 23. இப்போது வாலட்டிலிட்டி பாதி வாய்ப்பில் 10 சதவீதம், பாதி வாய்ப்பில் 30 சதவீதம் என்று மாற்றலாம். விலைகள் 11.5, 34.5, சராசரி அதே 23. எந்த வித்தியாசமும் இல்லை.

இதையே 1100 ஸ்டிரைக் கால் ஆப்ஷனுக்குச் செய்தால் கதை வேறு. உறுதியான 20 சதவீதத்தில் விலை சுமார் 1.25. 10 சதவீதத்தில் கிட்டத்தட்ட பூஜ்யம். 30 சதவீதத்திலோ 6.2. சராசரி 3.1, அதாவது முன்பிருந்ததைப் போல் இரண்டரை மடங்கு! நடு ஸ்டிரைக்கின் விலை மாறவில்லை, ஓர ஸ்டிரைக்கின் விலை மட்டும் எகிறிவிட்டது. 900 ஸ்டிரைக் புட் ஆப்ஷனுக்கும் இதே மாதிரிதான். வாலட்டிலிட்டி எவ்வளவுக்கு எவ்வளவு ஆடுகிறதோ, அவ்வளவுக்கு இரண்டு ஓரமும் தூக்கும். இந்த ஆட்டத்தின் அளவைத்தான் "வால்-ஆஃப்-வால்" என்கிறார்கள், அதாவது வாலட்டிலிட்டியின் வாலட்டிலிட்டி.

சாய்வு எங்கிருந்து வருகிறது?

ஆனால் இப்படி வரும் சிரிப்பு இரண்டு பக்கமும் சமமானது. அக்டோபருக்குப் பிறகு சந்தை காட்டியதோ கோணல். விலைக்கும் வாலட்டிலிட்டிக்கும் சம்பந்தம் இல்லை என்ற எளிமைதான் இடித்தது. அந்தச் சம்பந்தத்தைச் சேர்த்தால் ஹல்-ஒயிட் முறையில் அழகான சூத்திரம் கிடைக்காது.

1993-ல் ஸ்டீவன் ஹெஸ்டன் இந்த முட்டுக்கட்டையை உடைத்தார். அவருடைய மாடலில் ஐந்து எண்கள்: வாலட்டிலிட்டியின் இன்றைய நிலை, அது நீண்ட காலத்தில் திரும்பும் நிலை, திரும்பும் வேகம், வால்-ஆஃப்-வால், கடைசியாக விலைக்கும் வாலட்டிலிட்டிக்கும் உள்ள ஒட்டுறவு. ஒட்டுறவு எதுவாக இருந்தாலும் விலையை ஃபூரியே முறையில் கணக்கிடலாம் என்பதுதான் அவர் செய்த சாதனை.

ஒட்டுறவு, அதாவது ρ, மைனஸில் இருந்தால் என்ன ஆகும்? விலை விழும்போது வாலட்டிலிட்டி ஏறும், அதனால் விழுந்த விலை இன்னும் வேகமாக விழ வாய்ப்பு உண்டு. விலை ஏறும்போது சந்தை அமைதியாகும், அதனால் ஏற்றம் மெதுவாகும். ஆக, கீழ்ப்பக்க புட் ஆப்ஷன் விலை கூடும், மேல்பக்க கால் ஆப்ஷன் விலை குறையும். கோடு சாயும்.

இரண்டும் சேரும்போது

இதோடு நின்றால் பாடம் எளிது: ρ சாய்வைத் தரும், வால்-ஆஃப்-வால் வளைவைத் தரும். பலரும் இப்படித்தான் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் இது பாதி உண்மைதான். ஆயுள் குறைவான ஆப்ஷன்களுக்கு ஹெஸ்டன் மாடலின் கோடு எப்படி இருக்கும் என்பதை மார்ட்டின் ஃபோர்ட், அந்துவான் ஜாக்கியே இருவரும் 2009-ல் ஒரு சூத்திரமாகத் தந்தார்கள்:

```
σ(k) ≈ σ0 × [ 1 + ρηk/(4σ0²) + (1 − 5ρ²/2)η²k²/(24σ0⁴) ]
```

இதில் σ0 இன்றைய வாலட்டிலிட்டி, η வால்-ஆஃப்-வால், k என்பது ஸ்டிரைக் நடுவில் இருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது (5 சதவீதம் என்றால் ஏறக்குறைய 0.05). நடு உறுப்பு சாய்வு, கடைசி உறுப்பு வளைவு.

சாய்வில் ρ, η இரண்டும் பெருக்கலாக ஒட்டிக்கொண்டு நிற்பதைக் கவனிக்க வேண்டும். இன்றைய வாலட்டிலிட்டி 20 சதவீதம் என்று வைத்து இரண்டு பேர் மாடலைப் பொருத்துகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் ρ = −0.7, η = 0.4 என்கிறார். மற்றவர் ρ = −0.35, η = 0.8 என்கிறார். இருவருக்கும் பெருக்கல் −0.28தான்.

முதலாமவரின் கோட்டில் 5 சதவீதம் கீழே உள்ள ஸ்டிரைக்குக்கு 21.7, 5 சதவீதம் மேலே உள்ளதற்கு 18.2. இரண்டாமவருக்கு 22.3, 18.8. இரண்டிலும் நடுவில் 20, இரண்டிலும் இரு பக்கங்களுக்கு இடையிலான வித்தியாசம் 3.5. சாய்வை மட்டும் பார்த்தால் யார் சரி என்று சொல்லவே முடியாது! ஆனால் இரண்டு பக்கங்களின் சராசரியை எடுத்தால், முதலாமவருக்கு 19.95, நடுவை விடச் சற்றுக் கீழே. இரண்டாமவருக்கு 20.6, நடுவை விட மேலே. இருவரையும் பிரித்துக் காட்டுவது வளைவுதான்.

முதலாமவருக்கு ஏன் சராசரி நடுவை விடக் கீழே போனது? கடைசி உறுப்பில் உள்ள 1 − 5ρ²/2 தான் காரணம். ρ பெரிதாகப் பெரிதாக இது வளைவைத் தின்றுகொண்டே வரும். −0.63-ஐத் தாண்டியதும் குறி மாறி, நடுப்பகுதியில் சிரிப்பு லேசான சுளிப்பாகிவிடும். ஆக, ρ சாய்வை மட்டும் தொடும் எண் இல்லை. η-வும் அப்படித்தான்: அதை இரட்டிப்பாக்கினால் சாய்வு இரட்டிப்பாகும், வளைவு நான்கு மடங்காகும்.

நடைமுறையில் இதன் விளைவு இது. நடுவுக்குப் பக்கத்தில் உள்ள நாலைந்து ஸ்டிரைக்குகளை மட்டும் வைத்து மாடலைப் பொருத்தினால், பெருக்கல் உறுதியாகக் கிடைக்கும், ரோவும் ஈட்டாவும் தனித்தனியாகக் கிடைக்காது. இன்று ρ ஒன்று, நாளை வேறொன்று என்று எண்கள் தாவும், கோடு மட்டும் அப்படியே இருக்கும். அப்படி ஒரு எண் ஏறும்போதெல்லாம் மற்றது இறங்கினால், தள்ளி உள்ள ஸ்டிரைக்குகளின் விலைகள் போதவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

மாடல் தடுக்கும் இடம்

இந்தச் சூத்திரத்தில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. அதில் ஆப்ஷனின் ஆயுளே இல்லை! ஆயுள் குறையக் குறைய ஹெஸ்டன் மாடலின் சாய்வு ஓர் அளவில் நின்றுவிடும் என்பதே அதன் பொருள். ஆயுள் கூடினால், வாலட்டிலிட்டி தன் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதால் சாய்வு தளரும். திரும்பும் வேகம் அதிகமானால் சீக்கிரமே தளரும்.

சந்தை இதற்கு ஒத்துப்போவதில்லை. குறியீட்டு ஆப்ஷன்களில் ஆயுள் ஒரு வருடத்தில் இருந்து மூன்று மாதமாகக் குறைந்தால் சாய்வு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. இன்னும் குறைந்தால் இன்னும் ஏறுகிறது. அதனால் ஒரு வார ஆப்ஷனுக்குப் பொருந்தும் η ஒரு வருட ஆப்ஷனுக்கு மிகப் பெரிதாகத் தெரியும். ஆயுளுக்கு ஆயுள் வேறு வேறு η கேட்டால் மாடல் அதன் எல்லையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு டேவிட் பேட்ஸ் 1996-ல் விலையில் திடீர்த் தாவல்களைச் சேர்த்தார். 2014-ல் ஜிம் கேதரல், திபோ ஜெஸ்ஸோன், மாத்யூ ரோசன்பாம் மூவரும் வேறு வழியில் போனார்கள். வாலட்டிலிட்டி ஹெஸ்டன் நினைத்ததை விட மிகக் கரடுமுரடாக ஆடுகிறது என்று தரவுகளில் காட்டினார்கள். அப்படி ஆடும் வாலட்டிலிட்டி, குறுகிய ஆயுளில் சாய்வு ஏறுவதைத் தாவல்கள் இல்லாமலே தருகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ρ, η இரண்டும் போய்விடவில்லை. புதிய மாடல்களிலும் அதே இரண்டு வேலைகளுக்கு அதே மாதிரி இரண்டு எண்கள் இருக்கின்றன: ஒன்று விலையையும் வாலட்டிலிட்டியையும் கட்டிப்போடுவது, மற்றொன்று வாலட்டிலிட்டி எவ்வளவு ஆடும் என்று சொல்வது. ஒரு கோணல் சிரிப்பைப் பார்த்ததும் "ρ இவ்வளவு" என்று சொல்லிவிடுகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் மாறவில்லை: ஓரத்து ஸ்டிரைக்குகளின் விலையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாரா?