வானத்தில் விழும் கோடுகளும் டிதரிங்கின் வரலாறும்

மேகமில்லாத மாலை வானத்தைப் படம் எடுத்தால், நீலம் மேலிருந்து கீழே படிப்படியாக வெளுத்துக்கொண்டே வர வேண்டும். ஆனால் சில படங்களில் வானம் பட்டை பட்டையாகத் தெரியும். ஸ்டுடியோவில் சாம்பல் நிறத் திரைக்கு முன்னால் எடுத்த படத்திலும் இதே கோலம் வரும். இதற்கு பேண்டிங் என்று பெயர். இந்தச் சிக்கல் டிஜிட்டல் கேமராவோடு வந்ததல்ல, அதைவிடப் பல ஆண்டுகள் பழையது.

பட்டை எப்படி வருகிறது?

8 பிட் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் உண்டு. 1080 வரிசை உயரமுள்ள ஒரு வானப் படத்தில் நீலத்தின் அளவு 100இல் தொடங்கி 130இல் முடிவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 படிகள்தான் கிடைக்கின்றன. 1080ஐ 30 ஆல் வகுத்தால் 36. அதாவது 36 வரிசைகள் ஒரே நிறத்தில் இருக்கும், பிறகு சட்டென்று அடுத்த படிக்குத் தாவும். ஒரு படி என்பது மிகச் சிறிய வேறுபாடுதான். ஆனால் இரண்டு நிறங்கள் சேரும் ஓரத்தைக் கண் மிகைப்படுத்திக் காட்டும். இதை எர்ன்ஸ்ட் மாக் 1865லேயே விளக்கியிருந்தார்.

தொலைக்காட்சியில் தொடங்கிய கதை

1951இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டபிள்யூ.எம். குடால், தொலைக்காட்சிப் படத்தை எண்களாக மாற்றி அனுப்பும் சோதனைகளைப் பற்றி எழுதினார். ஒரு புள்ளிக்கு 5 பிட் கொடுத்தால் 32 படிகள்தான். படத்தின் வழவழப்பான இடங்களில் வரைபடத்தின் உயரக்கோடுகள் போலக் கோடுகள் விழுந்தன. ஆனால் மூலப் படத்தில் இரைச்சல் இருந்தபோது அந்தக் கோடுகள் மங்கின.

இரைச்சல் என்றாலே நீக்க வேண்டிய குப்பை என்றுதான் பொறியாளர்கள் நினைப்பார்கள். அதை வேண்டுமென்றே சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று காட்டியவர் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த லாரன்ஸ் ராபர்ட்ஸ். அவருடைய கட்டுரை 1962இல் வெளியானது. நல்ல படத்துக்குப் புள்ளி ஒன்றுக்குக் குறைந்தது 6 பிட் தேவை என்ற நிலையில், 3 பிட் போதும் என்றார் அவர். அனுப்பும் இடத்தில், படத்தை எண்ணாக மாற்றுவதற்கு முன்பே கொஞ்சம் இரைச்சலைக் கூட்ட வேண்டும். பெறும் இடத்தில் அதே இரைச்சலைக் கழிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே வரிசையில் எண்களைத் தரும் கருவி இருந்தால் இது முடியும். பின்னாளில் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டை உருவாக்கியவர்களில் முக்கியமானவரும் இவரே.

இரைச்சல் செய்யும் வேலை

ஒரு பிக்சலின் உண்மையான அளவு 100.3 என்போம். முழு எண்ணாக்கினால் எப்போதும் 100தான் வரும். 0.3 தொலைந்துவிடும். இப்போது முழு எண்ணாக்கும் முன் -0.5 முதல் +0.5 வரை ஏதோ ஓர் எண்ணைக் கூட்டுவோம். 10 பிக்சலில் ஏறக்குறைய 3 பிக்சல் 101 ஆகும், மீதி 7 பிக்சல் 100 ஆகவே இருக்கும். சராசரி மீண்டும் 100.3. தள்ளி நின்று பார்க்கும் கண் அந்தச் சராசரியைத்தான் பார்க்கிறது. பிழை மறைந்துவிடவில்லை. கோடாகத் திரண்டு நின்றது தூளாகச் சிதறிவிட்டது, அவ்வளவே. 8 பிட்டில் ஒரு படி மிகச் சிறியது என்பதால், இன்றைய படங்களில் இரைச்சலைத் திரும்பக் கழிப்பதுகூட இல்லை. போட்டோஷாப்பின் கிரேடியண்ட் கருவியில் உள்ள `Dither` என்ற கட்டமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

வரிசை மாறினால்

முதலில் முழு எண்ணாக்கிவிட்டுப் பிறகு இரைச்சல் கூட்டினால் பெரிய பயன் இல்லை. 100.3ம் 100.4ம் ஏற்கெனவே 100 ஆகிவிட்டன. பட்டை கொஞ்சம் மூடப்படலாம், தொலைந்த அளவு திரும்பி வராது.

அதிக பிட் உதவுவது இங்கேதான். அதே வானம் 10 பிட்டில் இருந்தால் 120 படிகள் கிடைக்கும், ஒவ்வொரு பட்டையும் 9 வரிசைதான். 8 பிட் படத்தின் கான்ட்ராஸ்டை இரண்டு மடங்காக்கினால் 36 வரிசைக்கு ஒருமுறை இரண்டிரண்டு படியாகத் தாவும். ஹிஸ்டோகிராமில் சீப்புப் பல் போல இடைவெளிகள் தெரிந்தால் இது நடந்துவிட்டது என்று அறியலாம். ஆகவே 16 பிட்டில் எல்லாத் திருத்தங்களையும் முடித்துவிட்டு, கடைசியாக 8 பிட்டாக்கும்போது டிதரிங் செய்வதே சரியான வரிசை.

அதற்குப் பிறகும் ஓர் ஆபத்து உண்டு. ஜேபெக்கும் வீடியோ சுருக்கமும் இந்த நுண்ணிய இரைச்சலைத் தேவையற்றது என்று எடுத்து எறிந்துவிடும், பட்டை திரும்பி வந்துவிடும். குடால் 1951இல் பார்த்த அதே கோடுகள்தான் அவை.