சைன் தொகையீடு: அறவே ஒருங்கலும் நிபந்தனை ஒருங்கலும்

0 முதல் முடிவிலி வரை sin x/x-ஐத் தொகையிட்டால் π/2, அதாவது ஏறத்தாழ 1.5708 கிடைக்கிறது. sin x/x-க்குப் பதிலாக அதன் மட்டு மதிப்பைத் தொகையிட்டால் விடை எல்லையின்றி வளர்கிறது. மட்டு மதிப்பின் தொகையீடும் ஒருங்கினால் அதை அறவே ஒருங்கல் என்பர். கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் மட்டுமே ஒருங்கினால் அது நிபந்தனை ஒருங்கல். இரண்டாம் வகைக்கு முதல் எடுத்துக்காட்டாக வகுப்புகளில் வருவது இந்தத் தொகையீடுதான்.

ஆய்லர் 1781-இலேயே இந்த மதிப்பைக் கண்டுவிட்டார். ஆனால் அது ஏன் ஒருங்குகிறது என்ற கேள்வி அப்போது எழவில்லை. 1829-இல் ஃபூரியர் தொடர்களை ஆராய்ந்த டிரிக்லே, சைன் குறி மாறும் இடங்களில் தொகையீட்டைத் துண்டுகளாக வெட்டினார். அதே வழியை இங்கே கையாண்டு பார்க்கலாம். 0 முதல் π வரையிலான துண்டு 1.8519. அடுத்தது −0.4338. பிறகு 0.2566, −0.1826. குறி மாறி மாறி வருகிறது, அளவு குறைந்துகொண்டே சுழியை நோக்கிப் போகிறது. கூட்டிக்கொண்டே வந்தால் 1.8519, 1.4182, 1.6748, 1.4922 என்று விடை π/2-க்கு மேலும் கீழுமாக ஆடியபடி அதை நெருங்குகிறது.

குறியை எடுத்துவிட்டால் கதை மாறுகிறது. n-ஆவது துண்டில் x-இன் மிகப் பெரிய மதிப்பு nπ. |sin x|-இன் பரப்பு ஒவ்வொரு துண்டிலும் 2. ஆகவே துண்டின் அளவு 2/(nπ)-க்குக் குறையாது. 1 + 1/2 + 1/3 + ... என்ற தொடர் விரிவதால் இதுவும் விரிகிறது. ஆனால் மிக மெதுவாக: எல்லையைப் பத்து மடங்கு நீட்டினால் மட்டு மதிப்பின் தொகை சுமார் 1.47 மட்டுமே கூடும். கணினியில் சில நூறு வரை கூட்டிப் பார்ப்பவர் அதை ஒருங்குவதாக எண்ணிவிடுவது எளிது. எண்களைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாத இடம் இது.

ஒருங்குவதை உறுதிசெய்யச் சிறந்த வழி பகுதித் தொகையிடல். 1 முதல் X வரையிலான தொகையீடு cos 1 − cos X/X − ∫cos x/x² dx ஆகிறது. கடைசி உறுப்பில் பகுதியில் x² இருப்பதால் அது அறவே ஒருங்குகிறது. எங்கே நிறுத்தினால் எவ்வளவு பிழை என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்: பிழை ஏறத்தாழ cos X/X. 100 வரை தொகையிட்டால் 1.5622 வரும். cos 100/100 = 0.0086-ஐச் சேர்த்தால் 1.5708.

நிபந்தனை ஒருங்கலின் ஆபத்து வரிசையில் இருக்கிறது. மேற்கண்ட துண்டுகளையே இரண்டு நேர்த்துண்டு, ஒரு எதிர்த்துண்டு என்ற முறையில் எடுத்துக் கூட்டினால், எந்தத் துண்டும் விடுபடாதபோதும் விடை (1/π) ln 2 அளவு கூடி 1.7914 ஆகிவிடும். அறவே ஒருங்கும் தொகையில் இப்படி நடக்காது. தொடர்களில் இந்த வேறுபாட்டை டிரிக்லே 1837-இல் சுட்டிக்காட்டினார். தொகையீட்டுக்கு உள்ளே வகையிடுவதிலும் இதே சிக்கல் உண்டு. sin(ax)/x-ஐ a-ஐப் பொறுத்து வகையிட்டால் cos(ax) வரும். அதன் தொகையீடு ஒருங்குவதே இல்லை. e^(−ax) என்ற தணிக்கும் காரணியைப் பெருக்கிக்கொண்டால் வகையிடலாம். அப்போது கிடைக்கும் π/2 − arctan a-இல் a-ஐச் சுழிக்குக் கொண்டுவந்தால் விடை வரும்.

கேம்பிரிட்ஜில் ஜி. எச். ஹார்டி 1909-இல் இந்த ஒரே தொகையீட்டைப் பற்றிக் கட்டுரை எழுதி, வெவ்வேறு நிறுவல்களை மதிப்பெண் போட்டு ஒப்பிட்டார். வரிசையை மாற்றும் படிகளுக்கு நியாயம் தேவை என்பது அவர் விடாப்பிடியாக வைத்திருந்த கருத்து.

அடுத்த கட்டம் தென்னிந்தியாவில். பெங்களூர் மத்தியக் கல்லூரியைச் சேர்ந்த எம். டி. நாராயண ஐயங்கார், இந்தியக் கணிதச் சங்க இதழின் ஆசிரியராக இருந்தார். இராமானுஜனின் முதல் கட்டுரை 1911-இல் அந்த இதழில்தான் வந்தது. விளக்கம் போதாத எழுத்து என்பது ஐயங்காரின் குறை. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழக உதவித்தொகை பெற்ற இராமானுஜன், அதற்குத் தந்த காலாண்டு அறிக்கைகளில் தம் 'முதன்மைத் தேற்றத்தை' வைத்தார். x^(s−1) sin x-இன் தொகையீடு Γ(s) sin(πs/2) என்பது அந்த வகையைச் சேர்ந்த விடை. −1 < s < 1 முழுவதும் இது சரி. s சுழியை நெருங்கினால் π/2 ஆகிறது.

இதில் வியக்கத்தக்க ஒன்று: s சுழிக்குக் கீழே இருக்கும்போது தொகையீடு அறவே ஒருங்குகிறது, சுழியிலும் அதற்கு மேலும் நிபந்தனையோடுதான். நம் sin x/x அந்த எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது. வாய்பாட்டிலோ அந்தக் கோட்டின் சுவடே இல்லை, கோட்டின் இருபுறமும் அது ஒன்றுபோலவே செல்கிறது. தேற்றம் எப்போது செல்லும் என்ற நிபந்தனைகளைப் பின்னர் ஹார்டி கோஷியின் எச்சத் தேற்றத்தைக் கொண்டு வகுத்தார்.