சொதி திரியாமல் வரணுமா? முதல் பால், இரண்டாம் பால்: எதை எப்போது ஊற்றணும்?

தென்காசி, குற்றாலம், நெல்லை வட்டாரத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுப் பந்தி என்றால் இலையில் சொதி இருக்கும். மாப்பிள்ளைக்கு வைக்கும் விருந்து என்பதால் இதற்கு 'மாப்பிள்ளை சொதி' என்றே பெயர். புளியும் கிடையாது, மிளகாய்த்தூளும் கிடையாது. முழு ருசியும் தேங்காய்ப்பாலில்தான். அந்தப் பால் திரிந்துவிட்டால் குழம்பு தண்ணி தனி, எண்ணெய் தனியாக நிற்கும். இது ஏன் நடக்கிறது, எப்படித் தவிர்ப்பது? பார்க்கலாம்.

பால் எடுப்பது எப்படி?

நான்கு பேருக்கு நன்றாக முற்றிய ஒரு பெரிய தேங்காய் போதும். இளசாக இருந்தால் பால் தண்ணியாகத்தான் வரும். வெள்ளைப் பகுதியை மட்டும் துருவுங்கள். ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல் சேர்ந்தால் பாலின் நிறம் மங்கிவிடும்.

துருவலில் அரை கப் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைத்து, மெல்லிய துணியில் பிழிந்தால் வருவது முதல் பால். கரண்டியின் பின்பக்கம் படலமாக ஒட்டினால் பதம் சரி. அதே சக்கையில் ஒன்றரை கப் தண்ணீர் விட்டு மறுபடி அரைத்துப் பிழிந்தால் இரண்டாம் பால். இன்னொரு கப் தண்ணீர் விட்டு மூன்றாம் பாலும் எடுத்து, இரண்டாம் பாலோடு சேர்த்துக்கொள்ளலாம். சக்கை மரத்தூள் மாதிரி உதிர்ந்தால் பால் முழுசாக இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீர் ஏன் வெதுவெதுப்பாக இருக்கணும்? தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த துருவலை அப்படியே அரைத்தால் கொழுப்பு இளகாமல் சக்கையிலேயே தங்கிவிடும். அதற்காகக் கொதிக்கும் தண்ணீரையும் ஊற்றக்கூடாது. கை பொறுக்கும் சூடு போதும்.

பால் ஏன் திரிகிறது?

தேங்காய்ப்பால் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய எண்ணெய்த் துளிகள். அவை ஒன்றோடொன்று சேராமல் பிரித்து வைத்திருப்பது தேங்காயில் உள்ள புரதம். சுமார் 80 டிகிரி சூட்டில் அந்தப் புரதம் உறைய ஆரம்பிக்கும். பிடிப்பு விட்டதும் எண்ணெய் மேலே வந்துவிடும். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி உருக்கு எண்ணெய் எடுப்பதும் இப்படித்தான்.

முதல் பாலில் கொழுப்பு அதிகம் என்பதால் திரிந்தால் பளிச்செனத் தெரியும். இரண்டாம் பாலில் குறைவு. அதனால் அதில் காய் வேகவைக்கலாம்.

சொதியில் எந்தப் பால் எப்போது?

கால் கப் பாசிப்பருப்பைத் தனியாகக் குழைய வேகவைத்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயம், பூண்டை வதக்கி, கேரட், பீன்ஸ், உருளை, முருங்கைக்காய் சேர்த்து, இரண்டாம் பாலை ஊற்றி வேகவிடுங்கள். காய் பாதி வெந்ததும் பச்சை மிளகாய், இஞ்சி விழுது, உப்பு, பிறகு பருப்பு. பருப்பு குழம்பைக் கெட்டியாக்குவதோடு, எண்ணெய் எளிதில் பிரியாமலும் பார்த்துக்கொள்ளும்.

காய் முழுசாக வெந்த பிறகு தீயைக் குறைத்து முதல் பாலை ஊற்றிக் கிளறுங்கள். ஓரத்தில் நுரை கட்டினால் உடனே அடுப்பை அணைத்துவிடணும், கொதி வரக்கூடாது. மூடி போட்டாலும் உள்ளே சூடு ஏறும், அதனால் திறந்தே இருக்கட்டும்.

எலுமிச்சைச் சாறு கடைசியில்தான். புளிப்பும் புரதத்தை உறைய வைக்கும். சூடும் புளிப்பும் சேர்ந்தால் சீக்கிரமே திரியும். சொதி கொஞ்சம் ஆறியதும் பிழியுங்கள்.

பாயசத்தில் என்ன வித்தியாசம்?

வரிசை அதேதான். வறுத்த பாசிப்பருப்பை இரண்டாம் பாலில் வேகவைக்கணும். ஆனால் இங்கே எலுமிச்சைக்குப் பதில் வெல்லத்தைக் கவனிக்கணும். சில வெல்லத்தில் லேசான புளிப்பு இருக்கும். அதனால் வெல்லத்தைத் தனியாகக் கரைத்து, வடிகட்டி, ஒரு கொதி விட்டுப் பருப்போடு சேருங்கள். அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து முதல் பாலை ஊற்றினால் போதும், மறுபடி சூடாக்க வேண்டாம்.

1956 வரை திருவிதாங்கூரில் இருந்த செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே ஓணத்துக்குச் செய்யும் அடைப் பிரதமனிலும் இதே முறைதான்: தண்ணிப் பாலில் வேகவைத்து, கெட்டிப் பாலை இறக்கும்போது சேர்ப்பார்கள்.

திரிந்துவிட்டால்?

மேலே எண்ணெய்த் திட்டும், வெள்ளைத் துணுக்குகளும் தெரிந்தால் திரிந்துவிட்டது. சாப்பிடலாம், கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. ஆனால் முழுசாகப் பழைய பதத்துக்குக் கொண்டுவர முடியாது. ஒரு ஸ்பூன் அரிசி மாவை ஆறின இரண்டாம் பாலில் கரைத்து ஊற்றி லேசாகச் சூடுபடுத்தினால் ஓரளவு சேரும். புளித்த வாடை வந்தால் மட்டும் கொட்டிவிடுங்கள். பிழிந்த பால் வெளியில் வைத்தால் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும்.

ஃப்ரிட்ஜில் வைத்த முதல் பாலில் மேலே கட்டியாக ஏடு நிற்பது திரிதல் அல்ல. வெளியே எடுத்து வைத்து, இளகியதும் கலக்கினால் சரியாகிவிடும்.