டவரில் இருக்கும் பெட்டியை மாற்றுவது ஏன் இவ்வளவு கஷ்டம்? ‘ஓப்பன் ரேன்’ என்ன செய்கிறது? எளிய விளக்கம்

2020 ஜூலை 14 அன்று பிரிட்டன் அரசு ஒரு முடிவை அறிவித்தது. 2027 இறுதிக்குள் நாட்டின் 5ஜி நெட்வொர்க்குகளில் இருந்து சீனாவின் ஹுவாவே சாதனங்கள் அனைத்தையும் அகற்ற வேண்டும் என்பதுதான் அது.

ஒரு நிறுவனத்தின் பெட்டியைக் கழற்றிவிட்டு இன்னொரு நிறுவனத்தின் பெட்டியை மாட்ட ஏழு ஆண்டு அவகாசமா? ஹுவாவே கட்டுப்பாடுகளால் தனக்கு மட்டும் சுமார் 50 கோடி பவுண்டு செலவாகும் என்று பிடி நிறுவனம் கணக்கு சொன்னது. இவ்வளவு சிக்கல் ஏன் என்று புரிந்துவிட்டால், ‘ஓப்பன் ரேன்’ எதற்கு வந்தது என்பதும் புரிந்துவிடும்.

ரேன் என்றால் என்ன?

உங்கள் போனுக்கும் நெட்வொர்க்கின் மையப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் ரேடியோ பகுதிதான் ரேன். டவர், அதன் மேல் இருக்கும் ஆன்டெனா, கீழே அறையில் இருக்கும் பெட்டிகள் எல்லாம் இதில் அடக்கம்.

வழக்கமான அமைப்பில் மேலே ஒரு ரேடியோ பெட்டியும், கீழே சிக்னலைக் கணக்கிடும் ‘பேஸ்பேண்ட்’ பெட்டியும் இருக்கும். இரண்டையும் ஒரு ஃபைபர் கேபிள் இணைக்கும். பிரச்னை இருப்பது இந்தக் கேபிளில்தான். அதில் ஓடும் தகவலுக்கு பெயரளவில் ஒரு பொது விதிமுறை உண்டு. ஆனால் நடைமுறையில் ஒவ்வொரு நிறுவனமும் அதைத் தன் பாணியில் பயன்படுத்தின. அதனால் ஒருவரின் ரேடியோ இன்னொருவரின் பேஸ்பேண்டுடன் பேசாது. கீழே இருப்பதை மாற்றினால், நன்றாக வேலை செய்யும் மேல் பெட்டியையும் கழற்ற வேண்டும்.

பிரிட்டனில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. அங்கே அப்போது இருந்த 5ஜி, 4ஜியின் மேல் அமர்ந்து இயங்கியது. அதனால் 5ஜியைத் தொட்டால் அதே டவரில் இருந்த 4ஜி பெட்டிகளையும் சேர்த்து மாற்ற வேண்டிய நிலை.

மூன்றாகப் பிரித்தால்?

ஓப்பன் ரேன் இந்த வேலையை மூன்று துண்டாகப் பிரிக்கிறது.

ரேடியோ யூனிட் (ஆர்யு): டவர் மேலே ஆன்டெனாவுடன் இருக்கும். சிக்னலை அனுப்புவதும் வாங்குவதும் இதன் வேலை.

டிஸ்ட்ரிபியூட்டட் யூனிட் (டியு): 5ஜியில் பொதுவாக அரை மில்லி விநாடிக்கு ஒருமுறை, எந்த போனுக்கு எவ்வளவு அலைவரிசை என்று முடிவு செய்வது இதுதான். தகவல் பிழையாகப் போனால் உடனே திரும்ப அனுப்புவதும் இதுவே.

சென்ட்ரல் யூனிட் (சியு): அவசரம் குறைந்த வேலைகள் இங்கே. தகவலை மறையாக்கம் செய்வது, நீங்கள் பேருந்தில் போகும்போது இணைப்பை ஒரு டவரில் இருந்து அடுத்த டவருக்கு மாற்ற முடிவெடுப்பது போன்றவை.

டியுவும் சியுவும் தனி மென்பொருளாகி, சாதாரண சர்வர்களிலேயே ஓடலாம். இந்த இரண்டுக்கும் இடையிலான இணைப்பு 5ஜியின் பொதுத் தரநிலையிலேயே வரையறுக்கப்பட்டுவிட்டது. விடுபட்டிருந்தது ஆர்யு-டியு இணைப்பு. 2018இல் ஏடி&டி, சைனா மொபைல், டாய்ச்ச டெலிகாம், என்டிடி டோகோமோ, ஆரஞ்ச் ஆகிய ஐந்து ஆபரேட்டர்கள் தொடங்கிய ‘ஓ-ரேன் அலையன்ஸ்’ அதற்கு விதிமுறை எழுதியது. இதற்கு ‘7.2 ஸ்பிளிட்’ என்று பெயர்.

எந்த இடத்தில் வெட்டுவது?

வெட்டும் இடம் ரொம்ப முக்கியம். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஒரு ஆன்டெனாவின் சிக்னலை அப்படியே எண்களாக மாற்றினால் விநாடிக்கு 3.7 ஜிகாபிட் வரும். 5ஜி டவரில் ஒரே பேனலில் 64 ஆன்டெனா பாதைகள் இருக்கலாம். மொத்தம் சுமார் 236 ஜிகாபிட். டவர்களில் பொதுவாகப் பயன்படும் ஃபைபர் போர்ட்டோ 25 ஜிகாபிட்தான்.

அதனால் முதல் கட்டக் கணக்குகளை டவர் மேலேயே, ஆர்யுவுக்குள் முடித்துவிடுகிறார்கள். 64 ஆன்டெனாக்களின் சிக்னலும் அங்கேயே சில தகவல் ஓடைகளாகச் சுருங்கிவிடும். கீழே அந்த ஓடைகள் மட்டும் வரும். ஒன்றிரண்டு 25 ஜிகாபிட் இணைப்புகள் போதும்.

அடுத்தது தூரம். ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க 5 மைக்ரோ விநாடி எடுக்கும். ஆர்யு-டியு இடையே தாங்கக்கூடிய தாமதம் சுமார் 100 மைக்ரோ விநாடி. அப்படினா, டியு அதிகபட்சம் 20 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். சியுவுக்கு இந்த அவசரம் கிடையாது. சில மில்லி விநாடி தாமதம் பரவாயில்லை என்பதால், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு டேட்டா சென்டரில் இருந்தபடியே பல டவர்களைக் கவனிக்கும்.

ஆபரேட்டர்கள் ஏன் விரும்புகிறார்கள்?

முதல் காரணம் பேரம் பேசும் பலம். சீன நிறுவனங்களை ஒதுக்கிவிட்டால், உலகச் சந்தையில் பெரிய அளவில் மிஞ்சுவது எரிக்சன், நோக்கியா, சாம்சங். ஒரு துண்டை மட்டும் வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியும் என்றால், பழைய நிறுவனம் விலை சொல்லும் விதமே மாறும்.

பிரிட்டனில் வோடஃபோன் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தது. வேல்ஸிலும் தென்மேற்கு இங்கிலாந்திலும் சுமார் 2,500 இடங்களை ஓப்பன் ரேனுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. 2022 ஜனவரியில் பாத் நகரில் முதல் 5ஜி தளம் இயங்கத் தொடங்கியது. மென்பொருள் சாம்சங், சர்வர் டெல், சிப் இன்டெல், அவற்றை இயக்கும் கிளவுட் தளம் விண்ட் ரிவர். முன்பு ஒரே நிறுவனம் தந்ததை இப்போது நான்கு நிறுவனங்கள் சேர்ந்து தருகின்றன.

சிக்கல் எங்கே வரும்?

அதே நான்கு நிறுவனங்கள்தான் தலைவலியும்.

பெரும்பாலான 5ஜியில் அனுப்புவதும் கேட்பதும் ஒரே அலைவரிசையில், மாறி மாறி நடக்கும். அக்கம்பக்கத்து டவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அனுப்பி, ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். இதற்கு அவற்றின் கடிகாரங்கள் சுமார் 1.5 மைக்ரோ விநாடி துல்லியத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒரு டவரின் கடிகாரம் விலகினால், பக்கத்து டவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது இது கத்தும். அந்தப் பகுதியில் போனில் சிக்னல் கோடுகள் முழுசா இருக்கும். ஆனால் வீடியோ கால் திணறும், போட்டோ அப்லோட் ஆகாது.

தவறு எங்கே? ஆர்யுவிலா, டியுவிலா, நடுவில் இருக்கும் ஸ்விட்சிலா? ‘எங்க பெட்டி சரியாத்தான் இருக்கு’ என்று ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்ட முடியும். முன்பு ஒரே போன் கால் போதும். இப்போது எல்லாவற்றையும் ஒட்டவைத்துச் சோதித்து, பொறுப்பேற்க ஒருவர் தேவை. அந்தச் செலவு ஆபரேட்டர் தலையில் விழும். பெட்டி விலையில் மிச்சம் பிடித்ததை அது கரைத்துவிடலாம். 2020இல் ஜப்பானில் சேவை தொடங்கிய ரகுடென் மொபைலுக்குப் பழைய நெட்வொர்க் எதுவும் இல்லை. பழைய 2ஜி, 4ஜியையும் சேர்த்து இழுக்க வேண்டிய நிறுவனங்களுக்கு வேலை இன்னும் கடினம்.

‘திறந்தது’ என்றால் பல நிறுவனங்களா?

கட்டாயம் இல்லை. 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஏடி&டி, ஐந்து ஆண்டுகளில் சுமார் 1,400 கோடி டாலர் வரை செலவிடும் ஓப்பன் ரேன் திட்டத்தை அறிவித்தது. முக்கிய வேலை போனது எரிக்சன் என்ற ஒரே நிறுவனத்துக்கு. ஃபுஜிட்சு ரேடியோக்களும் சில இடங்களில் சேரும் என்றார்கள். ‘இதுல என்ன ஓப்பன்?’ என்று விமர்சனம் எழுந்தது.

ஆனால் பிரிட்டன் அனுபவத்தோடு வைத்துப் பார்த்தால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. இன்று ஒருவரிடமே வாங்கினாலும், ஆர்யு-டியு இணைப்பு உண்மையிலேயே பொது விதிமுறைப்படி இருந்தால், நாளை டியுவை மட்டும் மாற்றலாம். டவர் மேலே ஏறி ரேடியோவைக் கழற்ற வேண்டியதில்லை. எனவே எங்காவது ‘ஓப்பன் ரேன்’ அறிவிப்பு வந்தால், எத்தனை நிறுவனங்களின் பெயர் இருக்கிறது என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: இந்த ரேடியோவை வேறொரு நிறுவனத்தின் டியுவுடன் இணைத்து, நிஜ டவரில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்களா?