சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி

முட்டை மாதந்தோறும் முதிர்ந்து வெளிவராமல் தடைபடுவதும், ஆண் ஹார்மோன்கள் இயல்பைவிடக் கூடுதலாகச் சுரப்பதும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் நிலைக்குச் சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி என்று பெயர். மாதவிடாய் தள்ளிப்போவது, தாடையோரம் அடங்காத பருக்கள், மேலுதட்டிலும் மோவாயிலும் கருத்துத் தடித்த முடி, இடுப்பைச் சுற்றி ஏறும் எடை, கருத்தரிப்பதில் தாமதம் ஆகியவை அதன் வெளி அடையாளங்கள். கருவுறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கேனும் இது இருப்பதாக உலக அளவில் மதிப்பிடப்படுகிறது. தமிழ்நாட்டில் பி.சி.ஓ.டி. என்றோ, சுருக்கமாக 'நீர்க்கட்டி' என்றோ சொல்வார்கள்.

இந்தப் பெயரால் வந்த குழப்பம் கொஞ்சமல்ல. ஸ்கேன் அறிக்கையில் 'நீர்க்கட்டிகள்' என்ற சொல்லைப் பார்த்ததும், "ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமா?" என்று கேட்காத தாய் அரிது. எடுப்பதற்கு அங்கே கட்டி எதுவும் இல்லை. ஒவ்வொரு முட்டையும் ஃபாலிக்கிள் என்னும் ஒரு சிறு கூட்டுக்குள் வளர்கிறது. இயல்பான மாதத்தில் பல கூடுகள் வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்று மட்டும் 20 மில்லிமீட்டர் அளவுக்குப் பெருத்து, வெடித்து, முட்டையை வெளிவிடும். இந்த நிலையிலோ பல கூடுகள் சில மில்லிமீட்டரிலேயே நின்றுவிடுகின்றன. ஸ்கேன் திரையில் சினைப்பையின் ஓரமாக மணிகோத்ததுபோல் தெரிபவை, பாதி வழியில் நின்றுபோன இந்த முட்டைக்கூடுகள்தாம். அவை நிற்கக் காரணம் என்ன என்ற கேள்விக்கு விடை தேடியதே இந்நோயின் வரலாறு.

கத்தி கண்ட சினைப்பை

1721இல் இத்தாலிய மருத்துவர் அந்தோனியோ வல்லிஸ்னேரி, சற்றுப் பருத்த, குழந்தையில்லாத ஓர் இளம் குடியானவப் பெண்ணின் சினைப்பைகளை விவரித்தார். அவை வழக்கத்தைவிடப் பெரியவை, வெண்மையாகப் பளபளத்தன, புறா முட்டைபோல் இருந்தன என்றார். அதன்பின் இரு நூற்றாண்டுகளாக இத்தகைய சினைப்பைகளை மருத்துவர்கள் அவ்வப்போது பார்த்தார்களே தவிர, அவற்றையும் அந்தப் பெண்களின் மற்ற உபாதைகளையும் ஒரே நோயாகச் சேர்த்துப் பார்க்கவில்லை.

சேர்த்துப் பார்த்தவர்கள் சிகாகோவின் இர்விங் ஸ்டெயின், மைக்கேல் லெவெந்தால் என்ற இரு மகப்பேறு மருத்துவர்கள். மாதவிடாய் நின்றுபோய், இரு சினைப்பைகளும் வீங்கியிருந்த ஏழு பெண்களைப் பற்றி அவர்கள் 1935இல் எழுதினார்கள். சோதனைக்காகச் சினைப்பையிலிருந்து சதைத்துண்டு எடுக்கப்பட்ட சிலருக்கு, அதன்பிறகு மாதவிடாய் தானாகவே திரும்புவதை ஸ்டெயின் கவனித்திருந்தார். சினைப்பையின் மேலோடு தடித்துப்போய் முட்டையை வெளியே விடாமல் அடைக்கிறது என்று அவர் முடிவுகட்டினார். அதனால் ஒவ்வொரு சினைப்பையிலும் பாதிக்கும் மேலாக ஆப்புபோல் வெட்டியெடுத்துத் தைத்தார்கள். ஏழு பேருக்கும் மாதவிடாய் சீரானது, இருவர் கருத்தரித்தார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதுவே தலையாய சிகிச்சையாக நின்றது. நோய்க்கும் ஸ்டெயின்–லெவெந்தால் நோய்க்குறி என்று பெயர் வந்தது.

சிகிச்சை பலித்தது, ஆனால் அதற்குச் சொன்ன காரணம் தவறு. மேலோடு முட்டையை அடைக்கவில்லை. வெட்டியெடுத்த சதையோடு ஆண் ஹார்மோன் சுரக்கும் திசுவும் போனதால்தான் முட்டை வளர வழி பிறந்தது. பலன் பலருக்கு நிலைக்கவும் இல்லை. வெட்டிய இடத்தில் தழும்பு ஒட்டிக்கொண்டு, அதுவே கருத்தரிப்புக்குத் தடையான பெண்களும் உண்டு. நல்ல பலன் கிடைத்துவிட்டால் தவறான விளக்கமும் நெடுநாள் வாழும் என்பதற்கு மகப்பேறு மருத்துவத்தில் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

தாடியும் சர்க்கரையும்

ஸ்டெயினுக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே, 1921இல், பாரிஸில் அஷார், தியேர் என்ற இரு மருத்துவர்கள் தாடி வளர்ந்த பெண்களுக்கு வரும் நீரிழிவைப் பற்றி எழுதியிருந்தார்கள். முடிக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டு என்பதை அவர்கள் கண்டுவிட்டார்கள். ஆனால் அறுவை மருத்துவர்கள் சினைப்பையைப் பார்த்தார்கள், பொது மருத்துவர்கள் சர்க்கரையைப் பார்த்தார்கள். இரண்டையும் இணைக்க அறுபது ஆண்டுகள் பிடித்தன.

இணைப்பதற்கு, ரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் உள்ள ஹார்மோன்களை அளக்கும் கருவி தேவைப்பட்டது. ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இன்சுலினை அளக்க உருவாக்கிய கதிரியக்க முறை அதற்கு வழிவிட்டது. யாலோவுக்கு அதற்காக 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த முறையால் அளந்தபோது, இந்தப் பெண்களில் பலருக்குப் பிட்யூட்டரி சுரக்கும் எல்.எச். மிகுந்தும், எஃப்.எஸ்.எச். அதற்கு ஈடுகொடுக்காமல் குறைந்தும் இருந்தன. 1980இல் பர்கன், கிவன்ஸ், கிதாப்சி ஆகியோர், ஆண் ஹார்மோன் கூடியிருந்த பெண்களுக்கு இன்சுலினும் சேர்ந்தே கூடியிருப்பதைக் காட்டினார்கள். அது பருமனால் வந்ததுதானே என்ற ஐயத்துக்கு 1989இல் ஆண்ட்ரியா டுனைஃபின் குழு விடை தந்தது: ஒல்லியான பெண்களிடமும் இன்சுலின் எதிர்ப்பு இருந்தது.

சுழல்

முட்டைக்கூட்டின் சுவரில் இரண்டு அடுக்கு செல்கள் உள்ளன. வெளியடுக்கு எல்.எச். தூண்டுதலால் ஆண் ஹார்மோனைச் செய்கிறது. உள்ளடுக்கு எஃப்.எஸ்.எச். உதவியோடு அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஆகவே ஆண் ஹார்மோன் எல்லாப் பெண்களின் உடலிலும் உள்ள மூலப்பொருள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிக்கல், வெளியடுக்கு அளவுக்கு மீறிச் சுரந்து, உள்ளடுக்கு அதை மாற்றித் தீர்க்க முடியாமல் பின்தங்கும்போது வருகிறது. கூடு வளராமல் நிற்கிறது, முட்டை வெளிவரவில்லை. முட்டை வெளிவந்த பிறகே புரோஜெஸ்டிரான் சுரக்கும். மூளையிலிருந்து பிட்யூட்டரிக்குப் போகும் துடிப்புகளைத் தணிப்பதும் அதுவே. அது இல்லாததால் துடிப்புகள் விரைவாகவே நீடிக்கின்றன. விரைவான துடிப்பு எல்.எச்.சையே மேலும் சுரக்கவைக்கிறது. அந்த எல்.எச். மறுபடி வெளியடுக்கைத் தூண்டுகிறது.

இந்தச் சுழலுக்கு இன்சுலின் நெய் வார்க்கிறது. தசைகள் இன்சுலினுக்குச் சரியாகக் கீழ்ப்படியாததால் கணையம் அதைக் கூடுதலாகச் சுரக்கிறது. தசை மந்தமானாலும் சினைப்பை மந்தமாவதில்லை. மிகுதியான இன்சுலின் எல்.எச்.சோடு சேர்ந்து அதை உசுப்புகிறது. போதாதற்கு, ஆண் ஹார்மோனைப் பிடித்துக் கட்டிவைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் செய்வதையும் இன்சுலின் குறைத்துவிடுகிறது. அதனால் ரத்தத்தில் கட்டற்றுத் திரியும் டெஸ்டோஸ்டிரான் கூடுகிறது. மொத்த அளவு இயல்பாகவே தெரியும் பெண்ணுக்கும் பருவும் முடியும் வருவது இதனால்தான். எண்ணெய்ச் சுரப்பியில் அந்த டெஸ்டோஸ்டிரான் எண்ணெயைப் பெருக்கித் துளையை அடைக்கிறது. மோவாயின் மெல்லிய பூனைமுடியைத் தடித்த கருமுடியாக மாற்றுகிறது. உச்சந்தலையிலோ முடியை மெலியவைக்கிறது. மிகுந்த இன்சுலின் கொழுப்பைச் சேமிக்கத் தூண்டும். சேர்ந்த கொழுப்பு இன்சுலின் எதிர்ப்பை இன்னும் கூட்டும்.

பிடரியிலும் அக்குளிலும் வெல்வெட் துணிபோல் தடித்துக் கருக்கும் தோலும் இதே இன்சுலினின் வேலை. நம் வீடுகளில் அதை அழுக்கு என்று எண்ணிப் பீர்க்கங்கூட்டால் தேய்த்துக் குளிக்கச் சொல்வார்கள். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, புண்தான் ஆகும். அந்தக் கருமை தெரியும் பெண்ணுக்கு முதலில் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும். தெற்காசியப் பெண்களுக்குக் குறைந்த எடையிலேயே இன்சுலின் எதிர்ப்பு வருவதால், 'ஒல்லியாகத்தானே இருக்கிறாள்' என்று விட்டுவிடக் கூடாது.

கண்டறிதல்

1990இல் அமெரிக்காவில் கூடிய வல்லுநர்கள், முட்டை வெளிவராமை, ஆண் ஹார்மோன் மிகுதி ஆகிய இரண்டையும் அடிப்படையாக வைத்தார்கள். 2003இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் கூடியவர்கள் மூன்றாவதாக ஸ்கேன் தோற்றத்தைச் சேர்த்து, மூன்றில் இரண்டு இருந்தால் போதும் என்றார்கள். இன்றும் அதுவே அடிப்படை. ஆகவே ஸ்கேன் மட்டும் வைத்து இந்நோயை முடிவுசெய்ய முடியாது. ஸ்கேன் இல்லாமலும் முடிவுசெய்யலாம்.

எடுத்துக்காட்டாக, 23 வயதுப் பெண் ஒருவர். கடந்த ஆண்டில் ஆறு முறைதான் மாதவிடாய். ஒருமுறை 52 நாள், ஒருமுறை 94 நாள் இடைவெளி. மோவாயிலும் அடிவயிற்றிலும் தடித்த முடி. தைராய்டு, புரோலாக்டின், அட்ரினல் கோளாறுக்கான சோதனை ஆகியவை இயல்பு. ஆண்டுக்கு எட்டுக்கும் குறைந்த மாதவிடாய் ஓர் அளவுகோல், முடி மற்றொன்று. நோய் உறுதி, ஸ்கேன் தேவைப்படவில்லை. முட்டை வெளிவருகிறதா என்று பார்க்க இவருக்கு 21ஆம் நாளில் புரோஜெஸ்டிரான் சோதித்தால் பயனில்லை. 21ஆம் நாள் என்பது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. 50 நாள் சுழற்சியில் முட்டை வந்தாலே 36ஆம் நாளை ஒட்டித்தான் வரும். 43ஆம் நாளில் பார்க்க வேண்டும். சுழற்சியின் நீளத்தைச் சொல்லாமல் எடுத்த சோதனை, முட்டை வெளிவந்த மாதத்தையும் வராத மாதமாகக் காட்டிவிடும்.

பூப்பெய்திய முதல் ஆண்டில் மாதவிடாய் முன்பின்னாக வருவது இயல்பு. பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேன் தோற்றத்தைக் கணக்கில் எடுக்கவே கூடாது. வளரிளம் சினைப்பையில் நிறைய கூடுகள் தெரிவது சாதாரணம். மாறாக, சில மாதங்களிலேயே முடி வேகமாக வளர்ந்து குரலும் கட்டையானால் இந்நோய் என்று எண்ணி இருந்துவிடாமல், கட்டி ஏதும் உள்ளதா என்று உடனே தேட வேண்டும்.

சிகிச்சை

சுழலை எங்கே அறுப்பது என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும். குழந்தை இப்போது வேண்டாதவருக்குக் கருத்தடை மாத்திரை எல்.எச்.சை அடக்குகிறது, ஆண் ஹார்மோனைக் கட்டும் புரதத்தையும் கூட்டுகிறது. பரு சில மாதங்களில் தணியும். முடிக்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும், ஏற்கனவே தடித்தது தானாக உதிராது. மெட்ஃபார்மின் இன்சுலின் பக்கம் வேலை செய்கிறது. எடை கூடியவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே மாதவிடாய் திரும்பலாம். கருத்தரிக்க 1960களிலிருந்து குளோமிஃபீன் தரப்பட்டது. ஈஸ்ட்ரோஜனைத் தற்காலிகமாகக் குறைத்து எஃப்.எஸ்.எச்.சை உயரவைக்கும் லெட்ரோசோல், 2014இல் 750 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில் அதை முந்தியது: லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது, குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதத்தினருக்கு. கருத்தரிப்புக்காக லெட்ரோசோல் தருவதற்கு இந்தியாவில் 2011இல் தடை விதிக்கப்பட்டு, 2017இல் நீக்கப்பட்டது.

மாதவிடாய் வராமல் இருப்பது வசதி என்று விட்டுவிடுவது ஆபத்து. புரோஜெஸ்டிரான் இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் தொடர்ந்து தூண்டினால் கருப்பையின் உட்சுவர் தடித்து, நாளடைவில் புற்றுநோய்க்கும் வழிவிடலாம். மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது கடந்த பன்னிரண்டு மாதங்களின் மாதவிடாய்த் தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.