எமிஷன், ப்ளூம்

'வெளியே அனுப்பு' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் எமிஷன்; தமிழில் உமிழ்வு. ப்ளூம் என்றால் பூத்தல். பிளெண்டரில் நியான் பலகை செய்பவர்கள் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். உமிழ்வு பொருளின் குணம். ப்ளூம், படம் உருவான பிறகு பிரகாசமான பிக்சல்களைச் சுற்றிப் பூசப்படும் மங்கல் மட்டுமே. அது எந்தச் சுவருக்கும் வெளிச்சம் தராது.

வெள்ளைச் சுவரருகே ஒரு சிவப்புக் குழாயை வைத்து, ப்ளூமை அணைத்துப் பாருங்கள். சைக்கிள்ஸ் ஒளிக்கதிர்களின் பாதையைப் பின்தொடர்வதால் சுவர் சிவக்கும். பழைய ஈவீயில் குழாய் மட்டும் ஒளிரும், சுவர் இருண்டே கிடக்கும். மறைமுக ஒளியை முன்கூட்டியே 'பேக்' செய்தால்தான் நிறம் படியும். 2024இல் வந்த 4.2 பதிப்பின் ஈவீயில் ரேட்ரேசிங்கை இயக்கினால் சுவர் சிவக்கும். ஆனால் அது திரையில் தெரிவதை வைத்தே கணக்கிடுகிறது. கேமராவைத் திருப்பும்போது குழாய் சட்டத்துக்கு வெளியே போனதும் சுவரின் சிவப்பும் மறைந்துவிடும். நகரும் காட்சியில் இது சட்டென்று கண்ணை உறுத்தும்.

ஈவீயில் வேலை செய்வதானால் குழாயை ஒட்டி அதே நிறத்தில் ஒரு ஏரியா லைட் வையுங்கள்.