கண்ணாடிக்குள் ஒரு சிட்டிகைக் கலப்பு: ஒளியிழை பிறந்த கதை

1956 டிசம்பர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் கர்டிஸ் என்ற இளநிலை மாணவர் ஒரு கண்ணாடிக் கம்பியை எடுத்து, அதைவிட ஒளிவிலகல் எண் சற்றுக் குறைந்த வேறொரு கண்ணாடிக் குழாய்க்குள் செருகினார். இரண்டையும் சேர்த்து உலையில் உருக்கி மெல்லிய இழையாக இழுத்தார். மூத்தவர்களுக்கு இதில் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. ஆனால் வேலை செய்தது! சில வாரங்களிலேயே, 1957-ன் தொடக்கத்தில், பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர் அந்த இழைகளின் கட்டு ஒன்றைக் கொண்டு மனித இரைப்பையின் உள்ளே பார்த்தார்.

அந்தக் குழாய் எதற்கு? ஒளி அடர்ந்த ஊடகத்திலிருந்து அடர்வு குறைந்த ஊடகத்தின் எல்லையைச் சாய்வாகத் தொட்டால் வெளியேறாமல் முழுவதும் உள்ளேயே திரும்பும். பள்ளியில் படிக்கும் முழு அக எதிரொளிப்புதான் இது. வெறும் கண்ணாடி இழையைச் சுற்றிக் காற்று இருந்தாலும் இது நடக்கும். சிக்கல் என்னவென்றால், திரும்பும் ஒளி எல்லைக்கு வெளியே ஒரு அலைநீள அளவுக்கு எட்டிப்பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது. அந்த இடத்தில் விரல் எண்ணெயோ தூசியோ பக்கத்து இழையோ ஒட்டிக்கொண்டிருந்தால் ஒளி அங்கேயே கசிந்துவிடும். கண்ணாடிக்குக் கண்ணாடியையே உறையாகப் போட்டால், ஒளி திரும்பும் எல்லை வெளிக்காற்றே படாமல் உள்ளே பத்திரமாக இருக்கும். உள்ளே இருப்பது உள்ளகம், வெளியே இருப்பது உறை. இன்றைய ஒளியிழையின் அமைப்பு இதுதான்.

இரைப்பைக்கு ஒரு மீட்டர் இழை போதும். தொலைபேசிக்கோ கிலோமீட்டர் கணக்கில் வேண்டும். அங்கேதான் கதை முட்டிக்கொண்டு நின்றது.

ஒளியிழப்பை டெசிபெல்லில் அளப்பார்கள். 10 டெசிபெல் இழந்தால் பத்தில் ஒரு பங்கு மிச்சம். 20 டெசிபெல் இழந்தால் நூறில் ஒரு பங்கு. அன்றைய நல்ல கண்ணாடி இழைகளின் இழப்பு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1000 டெசிபெல். அதாவது 20 மீட்டர் போவதற்குள் ஒளி நூறில் ஒரு பங்காகிவிடும். "நூறில் ஒரு பங்கு மிஞ்சும் தூரம்" என்ற இந்த அளவுகோலை நினைவில் வைத்துக்கொண்டால் மீதிக் கதையைத் தொடர்வது சுலபம்.

இங்கிலாந்தின் ஹார்லோ நகரில் இருந்த ஸ்டாண்டர்ட் டெலிகம்யூனிகேஷன் ஆய்வுக்கூடத்தில் சார்ல்ஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் என்ற இருவர் 1966-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் என்ற அளவுக்கு இழப்பைக் குறைத்தால் ஒளியிழையில் தொலைபேசி நடத்தலாம், அது முடியக்கூடியதுதான் என்பது அதன் சாரம். ஷாங்காயில் பிறந்த காவ் கேட்ட கேள்வி எளிமையானது. ஒளியை விழுங்குவது கண்ணாடியா, கண்ணாடியில் இருக்கும் அழுக்கா?

ஜன்னல் கண்ணாடியை நேராகப் பார்த்தால் நிறமில்லை. அதன் விளிம்பைப் பார்த்தால் பச்சை! அந்தப் பச்சை இரும்பினுடையது. மணலோடு வந்த இரும்பு, செம்பு போன்ற உலோக அயனிகள்தான் ஒளியை உறிஞ்சுகின்றன என்பது காவின் முடிவு. கண்ணாடியின் சொந்த அணு அமைப்பால் ஒளி சிதறுவதும் உண்டு. ஆனால் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது மிகச் சிறியதாகத்தான் வந்தது. இரும்பைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் 20 டெசிபெல் கிட்டும் என்று கட்டுரை சொன்னது.

சொன்னால் போதுமா? நிரூபிக்க வேண்டுமே. அளவிடுவதில் இருந்த சங்கடம் சுவையானது. கிலோமீட்டருக்கு 5 டெசிபெல் இழக்கும் கண்ணாடியில் 20 சென்டிமீட்டர் நீளக் கம்பியை வெட்டி அளந்தால், அதற்குள் இழக்கும் ஒளி பத்தாயிரத்தில் இரண்டு பங்குதான். ஆனால் கம்பியின் இரு முகப்புகளிலும் பட்டுத் திரும்பும் ஒளியே நூற்றில் ஏழு பங்கு! யானையின் மேல் உட்கார்ந்த ஈயை, யானையோடு சேர்த்துத் தராசில் ஏற்றி எடை பார்ப்பது மாதிரி. காவும் அவருடைய சகா ஜோன்ஸும் ஒரே கண்ணாடியில் வெவ்வேறு நீளமுள்ள இரு துண்டுகளை எடுத்து, ஒரே விளக்கின் ஒளியை இரண்டாகப் பிரித்து இரண்டின் வழியாகவும் செலுத்தி ஒப்பிட்டார்கள். முகப்பு இழப்பு இரண்டுக்கும் பொது என்பதால் கழிந்துவிடும். மிஞ்சுவது நீளத்தால் வந்த வித்தியாசம் மட்டும். 1969-ல் வந்த விடை: தூய சிலிக்காக் கண்ணாடியில் இழப்பு கிலோமீட்டருக்கு சுமார் 5 டெசிபெல். ஆக, கண்ணாடி குற்றவாளி இல்லை என்பது தெரிந்துவிட்டது.

அப்படியென்றால் தூய சிலிக்காவையே இழையாக இழுத்துவிடலாமே? இங்கேதான் பெரிய முரண்பாடு. ஒளியை உள்ளே வைத்திருக்க உள்ளகத்துக்கும் உறைக்கும் ஒளிவிலகல் எண்ணில் வித்தியாசம் வேண்டும். இரண்டும் ஒரே தூய பொருளாக இருந்தால் வித்தியாசம் எங்கிருந்து வரும்? எதையாவது கலந்தாக வேண்டும். கலந்தால் தூய்மை போகும். போதாக்குறைக்கு, வழக்கமான கண்ணாடிகளில் சிலிக்காவின் ஒளிவிலகல் எண்தான் மிகக் குறைவு. அதை உள்ளகமாக வைத்தால், அதைவிடக் குறைந்த உறைக்கு எங்கே போவது? அதன் உருகுநிலையோ 1700 டிகிரி செல்சியஸ் பக்கம். ஆகவே பலரும் சாதாரணக் கண்ணாடியையே சுத்தப்படுத்தும் வழியில் போனார்கள்.

அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி நிறுவனத்தில் ராபர்ட் மாரர் எதிர்த்திசையில் போனார். டொனால்ட் கெக், பீட்டர் ஷுல்ட்ஸ் இருவரும் உடன் சேர்ந்தார்கள். மணலை உருக்கிச் சுத்தப்படுத்துவதற்குப் பதில், சிலிக்கான் சேர்மத்தை ஆவியாக்கிச் சுடரில் எரித்துப் புகைக்கரிபோல் நுண்துகளாகப் படியவைக்கும் முறை கார்னிங்கில் 1930களிலிருந்தே இருந்தது. இரும்புச் சேர்மங்கள் அந்த வெப்பநிலையில் எளிதில் ஆவியாகாமல் கீழேயே தங்கிவிடும். சுத்தம் தானாகவே வந்துவிடுகிறது. உறை தூய சிலிக்கா. உள்ளகத்தில் மட்டும் அளந்து கொஞ்சம் டைட்டானியம் ஆக்சைடு. அழுக்கை எல்லாம் நீக்கிவிட்டு, தெரிந்தே ஒரே ஒரு கலப்பைத் திரும்பச் சேர்த்தார்கள்.

எவ்வளவு வித்தியாசம் வேண்டும்? அதிகம் இருந்தால் நல்லது என்று தோன்றும். அதுதான் இல்லை. வித்தியாசம் 1 சதவீதமும் உள்ளகம் தடிமனாகவும் இருந்தால் ஒளி பல சாய்வுகளில் பல பாதைகளில் போகும். நேராகப் போன கதிருக்கும் முட்டி மோதிப் போன கதிருக்கும் ஒரு கிலோமீட்டரில் 50 நானோநொடி இடைவெளி விழுந்துவிடும். கூர்மையான துடிப்பு ஒன்று பரவி அடுத்த துடிப்பின் மேல் ஏறிவிடும். ஆகவே நீண்ட தூர இழைகளில் வித்தியாசத்தைக் குறைத்து, உள்ளகத்தைச் சில மைக்ரோமீட்டருக்குச் சுருக்கி, ஒரே ஒரு பாதை மட்டும் இருக்கும்படி செய்கிறார்கள். இன்றைய சாதாரண இழையில் உறை 1.444 என்றால் உள்ளகம் 1.449 அளவுதான். மூன்றாவது தசமத்தில்தான் வித்தியாசமே! இந்தக் கணக்குப்படி அச்சுக்கு 5 டிகிரிக்குள் சாய்ந்து போகும் ஒளிதான் உள்ளே நிற்கும். அதற்கு மேல் சாய்ந்தால் உறைக்குள் தப்பிவிடும். மிகவும் குறைத்தாலும் ஆபத்து. இழையைக் கொஞ்சம் வளைத்தாலே ஒளி கசியும். 1310 நானோமீட்டர் ஒளியைவிட 1550 நானோமீட்டர் ஒளி உள்ளகத்துக்கு வெளியே அதிகம் விரிந்து நிற்பதால் வளைவில் அதுதான் முதலில் கசியும். ஓரிடத்தில் 1310-ல் இழப்பு சரியாக இருந்து 1550-ல் மட்டும் கூடியிருந்தால், கேபிள் எங்கோ இறுக்கமாக வளைந்திருக்கிறது என்று பராமரிப்புப் பணியாளர்கள் கண்டுகொள்வது இப்படித்தான்.

கார்னிங்குக்குத் திரும்புவோம். டைட்டானியம் கலந்த முதல் இழைகள் ஒளியைக் குடித்தன. காரணம், இழையை இழுக்கும் கடும் சூட்டில் டைட்டானியம் கொஞ்சம் ஆக்சிஜனை இழந்து, ஒளியை உறிஞ்சும் வேறொரு அயனியாக மாறியது. தீர்வாக, இழையை மறுபடி ஆக்சிஜனில் சூடாக்கினார்கள். 1970-ல் கெக் அளந்தபோது 17 டெசிபெல்! நூறில் ஒரு பங்கு மிஞ்சும் தூரம் 20 மீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டரைத் தாண்டியது. ஆனால் மறுபடி சூடாக்கிய இழை பொடுக்கென்று ஒடிந்தது. உடையும் இழையில் கேபிள் செய்ய முடியுமா? அதனால் கலப்பை மாற்றினார்கள். ஜெர்மானியம் ஆக்சைடு அந்தச் சூட்டில் அப்படிக் கெடவில்லை. மறுபடி சூடாக்கத் தேவையும் இல்லை. 1972-ல் இழப்பு 4 டெசிபெல்லுக்கு இறங்கியது. இன்றும் பெரும்பாலான இழைகளின் உள்ளகத்தில் இருப்பது ஜெர்மானியம்தான். 1970-ன் அந்த 17 டெசிபெல்தான் புகழ் பெற்றது. உண்மையில் பயன்பட்டது 1972-ல் வந்த இழை.

உலோகம் போனபின் அடுத்த எதிரி தண்ணீர். கண்ணாடிக்குள் சிக்கிய ஹைட்ராக்சில், 1383 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே அங்கே கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 50 டெசிபெல் போய்விடும். சுடரில் எரித்துப் படியவைக்கும்போது இந்த ஈரம் வராமல் இருக்குமா? குளோரின் வாயுவால் உலர்த்தித்தான் விரட்டினார்கள். அதன்பின் அலைநீளத்தை நீட்டுவது லாபமாயிற்று. ஏனென்றால் கண்ணாடியின் சொந்தச் சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். 850-லிருந்து 1550 நானோமீட்டருக்குப் போனால் பதினொரு மடங்கு குறைவு. அதற்கும் மேலே போனால் சிலிக்காவின் அணுப்பிணைப்புகளே அகச்சிவப்பை உறிஞ்சத் தொடங்குகின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் 1550 பக்கம். 1979-ல் ஜப்பானின் என்.டி.டி. ஆய்வாளர்கள் அங்கே 0.2 டெசிபெல்லைத் தொட்டார்கள். நூறில் ஒரு பங்கு மிஞ்சும் தூரம் இப்போது 100 கிலோமீட்டர். காவுக்கு நோபல் பரிசு வந்தது 2009-ல்.

மிச்சமிருந்த சிதறலிலும் ஒரு பகுதி அந்தக் கலப்பினுடையது. கண்ணாடி உறையும்போது அடர்த்தியில் ஏற்படும் நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் அப்படியே நின்றுவிடுகின்றன. ஜெர்மானியம் இருந்தால் அதன் பரவலில் உள்ள ஏற்ற இறக்கமும் கூடுதலாகச் சேர்ந்து ஒளியைச் சிதறடிக்கும். எனவே கடலடி கேபிள்களுக்காக முறையைத் தலைகீழாக்கினார்கள். ஒளியின் பெரும்பகுதி போகும் உள்ளகத்தைத் தூயதாக விட்டுவிட்டு, உறையில் ஃபுளூரினைக் கலந்து அதன் ஒளிவிலகல் எண்ணைக் கீழே இறக்கினார்கள். சிலிக்காவைவிடக் குறைந்த உறை கிடைக்காது என்ற பழைய தடை இப்படி நீங்கியது. 2017-ல் ஜப்பானின் சுமிடோமோ நிறுவனம் இவ்வகை இழையில் 0.1419 டெசிபெல்லை எட்டியது. தூரக் கணக்கில் 140 கிலோமீட்டர்.

இதற்குக் கீழே போகக் கண்ணாடியையே விட்டு வெளியேற வேண்டியிருந்தது. 2025-ல் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தையும் மைக்ரோசாஃப்ட்டையும் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட இழையில் உள்ளகம் வெற்றுக் குழல், உள்ளே காற்றுதான். சுற்றியுள்ள கண்ணாடியைவிட அதன் ஒளிவிலகல் எண் குறைவு என்பதால் முழு அக எதிரொளிப்புக்கு அங்கே வேலையில்லை. ஒன்றுக்குள் ஒன்றாக நிறுத்திய மெல்லிய கண்ணாடிச் சுவர்களின் தடிமனைத் துல்லியமாகத் தேர்ந்தெடுத்து, ஒளியை உள்ளுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். அளந்த இழப்பு 0.091 டெசிபெல், நூறில் ஒரு பங்கு மிஞ்சும் தூரம் 220 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.